பி.ஓ. எண்ணும் இன்வாய்ஸும் பொருந்தாதபோது: வாடிக்கையாளருக்கு எழுதும் மின்னஞ்சலைத் திருத்தும் முறை

இன்வாய்ஸில் அச்சான பி.ஓ. எண் வாடிக்கையாளரின் கணினியில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாவிட்டால் அந்த பில் பாஸ் ஆவதில்லை. சரக்கு நல்ல நிலையில் போய்ச் சேர்ந்திருக்கும். அளவும் விலையும் சரியாகவே இருக்கும். ஆனாலும் பணம் நின்றுவிடும். அப்போது விற்பனையாளர் வாடிக்கையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, இரண்டு எண்களையும் பொருத்தித் தருமாறு கேட்கிறார். அந்த மின்னஞ்சல் எழுதப்படும் விதத்தைப் பொறுத்து வேலை ஓரிரு நாளில் முடிவதும் உண்டு, மூன்று பிரிவுகளுக்கு இடையே வாரக்கணக்கில் சுற்றுவதும் உண்டு. அத்தகைய ஒரு மின்னஞ்சலை எடுத்துக்கொண்டு, அதில் உள்ள குறைகளைக் கண்டு, திருத்தி எழுதுவது எப்படி என்று விளக்குவதே இந்தக் கட்டுரை.

பில் ஏன் நிற்கிறது

ஓரளவு பெரிய நிறுவனம் எதுவானாலும், பணம் கொடுப்பதற்கு முன் மூன்று தாள்களை ஒப்பிட்டுப் பார்க்கிறது. முதலாவது, கொள்முதல் பிரிவு போட்ட பி.ஓ. இரண்டாவது, சரக்கு வந்ததும் ஸ்டோர்ஸ் பதிவு செய்யும் ஜி.ஆர்.என். என்ற சரக்கு வரவுக் குறிப்பு. மூன்றாவது, விற்பனையாளரின் இன்வாய்ஸ். என்ன கேட்கப்பட்டது, என்ன வந்தது, எதற்குப் பணம் கேட்கப்படுகிறது ஆகிய மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் கணக்குப் பிரிவு பில்லைப் பதிவு செய்யும்.

இந்த மூன்று தாள்களையும் ஒன்றாகக் கட்டும் கயிறு பி.ஓ. எண். கணக்குப் பிரிவில் இருப்பவர் இன்வாய்ஸில் உள்ள எண்ணைக் கணினியில் தட்டுகிறார். அந்த பி.ஓ.வின் கீழ் எவ்வளவு சரக்கு வந்திருக்கிறது, எந்த விலைக்கு வந்திருக்கிறது என்று திரையில் தெரிகிறது. எண் தவறாக இருந்தால் வேறொரு விற்பனையாளரின் பி.ஓ. திறக்கலாம், அல்லது எதுவுமே திறக்காமல் போகலாம். சரியான பி.ஓ.வே திறந்தாலும் அதன் கீழ் வரவு எதுவும் காட்டாமல் இருக்கலாம். இவற்றில் எது நடந்தாலும் அந்த இன்வாய்ஸ் நிலுவைக் கோப்புக்குப் போய்விடுகிறது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பி.ஓ. எண் என்பது வணிக ஏற்பாட்டின் தேவை. சட்டத்தின் தேவை அன்று. மத்திய ஜி.எஸ்.டி. விதிகளின் 46ஆம் விதி, வரி இன்வாய்ஸில் இருக்க வேண்டிய விவரங்களை வரிசைப்படுத்துகிறது. 16 எழுத்துகளுக்கு மிகாத வரிசை எண், தேதி, இரு தரப்பின் ஜி.எஸ்.டி. எண்கள், சரக்கின் விவரம், எச்.எஸ்.என். குறியீடு, மதிப்பு, வரி ஆகியவை அதில் உண்டு. பி.ஓ. எண் அதில் இல்லை. ஆகவே பி.ஓ. எண் தவறாக அச்சான இன்வாய்ஸும் வரிச் சட்டப்படி செல்லுபடியான இன்வாய்ஸ்தான். மின்னஞ்சலில் என்ன கேட்பது என்பதைத் தீர்மானிக்கும்போது இந்த உண்மை பெரிதும் உதவுகிறது.

ஒரு வழக்கு

கோயம்புத்தூரில் பம்புகளுக்கான பேரிங் ஹவுசிங் கடைந்து கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளலாம். அதன் வாடிக்கையாளர் ஸ்ரீபெரும்புதூரில் உள்ள ஒரு தொழிற்சாலை. 2025 ஆகஸ்ட் மாதத்தின் மூன்று இன்வாய்ஸ்கள் பாஸ் ஆகாமல் நிற்கின்றன. மூன்றுக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி. மொத்த நிலுவை 3,03,024 ரூபாய்.

முதலாவது, ஆகஸ்ட் 4ஆம் தேதி போட்ட 418ஆம் எண் இன்வாய்ஸ். 250 ஹவுசிங், ஒன்று 400 ரூபாய், வரியோடு 1,18,000 ரூபாய். இன்வாய்ஸில் பி.ஓ. எண் 4500017342 என்று இருக்கிறது. உண்மையான எண் 4500017432. தட்டச்சு செய்தபோது 4, 3 ஆகிய இலக்கங்கள் இடம் மாறிவிட்டன. பிழை விற்பனையாளருடையது.

இரண்டாவது, ஆகஸ்ட் 8ஆம் தேதியின் 423ஆம் எண் இன்வாய்ஸ். 200 ஹவுசிங், அதே 400 ரூபாய் விலை, வரியோடு 94,400 ரூபாய். இதில் பி.ஓ. எண் 4500017432 என்று சரியாகவே உள்ளது. சரக்கு 9ஆம் தேதி சனிக்கிழமை தொழிற்சாலைக்குள் போயிற்று. 11ஆம் தேதி திங்கட்கிழமை வாடிக்கையாளர் விலையை 412 ரூபாயாக உயர்த்தி 4500018105 என்ற புதிய பி.ஓ. போட்டார். ஸ்டோர்ஸ் 12ஆம் தேதி வரவு வைத்தபோது புதிய பி.ஓ.வின் கீழ் வைத்துவிட்டது. இங்கே இன்வாய்ஸில் பிழை இல்லை. வரவு வேறு இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

மூன்றாவது, ஆகஸ்ட் 20ஆம் தேதியின் 431ஆம் எண் இன்வாய்ஸ். ஒரே வண்டியில் இரண்டு பி.ஓ.க்களின் சரக்கு போயிற்று. 4500018105இன் கீழ் 150 ஹவுசிங் 412 ரூபாய் வீதம் 61,800 ரூபாய். 4500018220இன் கீழ் 50 மூடிகள் 300 ரூபாய் வீதம் 15,000 ரூபாய். வரியோடு 90,624 ரூபாய். இன்வாய்ஸின் தலைப்பில் ஒரு பி.ஓ. எண்ணுக்குத்தான் இடம் இருந்ததால் முதல் எண் மட்டும் அச்சாகியிருக்கிறது. இரண்டாம் வரியின் சரக்கைக் கணக்குப் பிரிவால் அந்த பி.ஓ.வில் காண முடியவில்லை.

மூன்று இன்வாய்ஸ்களும் வெளிப்பார்வைக்கு ஒரே குறையால் நிற்பது போலத் தெரிகின்றன. ஆனால் மூன்றின் காரணமும் வேறு. தீர்வும் அதைச் செய்ய வேண்டிய ஆளும் மூன்றுக்கும் ஒன்றல்ல.

முதல் வரைவு

இந்த நிலையில் பணத்துக்காகக் காத்திருப்பவர் பெரும்பாலும் எழுதுவது இப்படித்தான் இருக்கும்:

> பொருள்: பி.ஓ. பிரச்சினை – மிக அவசரம்
>
> ஐயா,
>
> உங்கள் பி.ஓ. எண்களும் எங்கள் இன்வாய்ஸ்களும் பொருந்தவில்லை. உங்கள் தரப்பில் அடிக்கடி பி.ஓ. மாற்றுவதால் எங்கள் பேமென்ட் நிற்கிறது. பலமுறை போனில் சொல்லியும் நடவடிக்கை இல்லை. தயவுசெய்து உடனே இரண்டையும் பொருத்தி, நிலுவைத் தொகை முழுவதையும் அனுப்பி வைக்கவும். இன்வாய்ஸ்கள் இணைப்பில் உள்ளன.

இதை எழுதியவரின் வருத்தம் நியாயமானது. ஆனால் இதைப் படிப்பவரால் எந்த வேலையும் செய்ய முடியாது. அதற்கு நான்கு காரணங்கள் உள்ளன.

முதலில், இதில் ஓர் எண் கூட இல்லை. படிப்பவர் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, தன் கணினியில் தேடி, எது எதோடு பொருந்தவில்லை என்று தானே கண்டுபிடிக்க வேண்டும். நாளொன்றுக்குப் பல விற்பனையாளர்களின் பில்களைப் பார்ப்பவர் இத்தகைய கடிதத்தைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கிவைப்பது இயல்பு.

இரண்டாவது, மூன்று பிழைகளையும் வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறது. 418ஆம் எண்ணின் பிழை விற்பனையாளருடையது. வாடிக்கையாளர் முதலில் திறந்து பார்ப்பது அந்த இன்வாய்ஸாக இருந்தால், மற்ற இரண்டைப் பற்றிச் சொல்வதையும் நம்ப மாட்டார்.

மூன்றாவது, "பொருத்தவும்" என்பதில் எந்தத் தாள் மாற வேண்டும் என்பது இல்லை. பி.ஓ. மாற வேண்டுமா, வரவு மாற வேண்டுமா, இன்வாய்ஸ் மாற வேண்டுமா? கணக்குப் பிரிவு இதைக் கொள்முதலுக்கு அனுப்பும். கொள்முதல் ஸ்டோர்ஸுக்கு அனுப்பும். ஸ்டோர்ஸ் தன் பதிவு சரி என்று திருப்பி அனுப்பும். கடைசியில் விற்பனையாளருக்கே "இன்வாய்ஸை மாற்றிக் கொடுங்கள்" என்ற பதில் வந்து சேரும்.

நான்காவது, பதிவைத் திருத்தும் கோரிக்கையும் பணம் கேட்கும் கோரிக்கையும் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. "பேமென்ட்" என்ற சொல்லைக் கண்டதும் படிப்பவர் இதைப் பணம் கேட்கும் கடிதங்களின் அடுக்கில் சேர்த்துவிடுவார். உண்மையில் அவரிடம் முதலில் தேவைப்படுவது பணம் அன்று, ஒரு பதிவுத் திருத்தம்.

எழுதுவதற்கு முன்: எந்தத் தாள் மாற முடியும்?

திருத்தி எழுதுவது சொற்களை மென்மையாக்கும் வேலை மட்டுமன்று. ஒவ்வொரு இன்வாய்ஸிலும் எந்தத் தாளை மாற்றக் கேட்பது என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மாற்ற முடியாத தாளை மாற்றச் சொல்லும் கடிதம் எவ்வளவு பணிவாக எழுதப்பட்டாலும் பயன் தராது.

பி.ஓ.வின் எண் மாறாது. தொழிற்சாலைகளில் பயன்படும் மென்பொருள்களில் பி.ஓ. உருவானதும் அதன் எண் நிலையாகிவிடுகிறது. அதன் உள்ளே விலை, அளவு, தேதி ஆகியவற்றைத் திருத்தலாம். எண்ணைத் திருத்த முடியாது. எனவே "பி.ஓ. எண்ணை எங்கள் இன்வாய்ஸுக்கு ஏற்ப மாற்றுங்கள்" என்று கேட்பது வீண். சரக்கு வந்த பிறகு அதற்கென்று முன்தேதியிட்டு புதிய பி.ஓ. போடச் சொல்வதும் தவறு. தணிக்கையில் அது குறையாக எழுதப்படும் என்பதால் கொள்முதல் அலுவலர் அதற்கு ஒப்ப மாட்டார்.

இன்வாய்ஸை மாற்றுவதும் எளிதன்று. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் 2023 ஆகஸ்ட் 1 முதல் பிற நிறுவனங்களுக்கு மின் இன்வாய்ஸ் போட வேண்டும். அதற்கான தளத்தில் ஐ.ஆர்.என். என்ற பதிவு எண் பெற்ற பின் அங்கே இன்வாய்ஸைத் திருத்த முடியாது; 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய மட்டுமே முடியும். ரத்து செய்த இன்வாய்ஸின் எண்ணை மீண்டும் பயன்படுத்தவும் முடியாது. இந்த வழக்கில் அந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அதே சரக்குக்கு இன்னொரு இன்வாய்ஸ் போட்டால் ஒரே விற்பனை இரண்டு முறை கணக்கில் ஏறும், வாடிக்கையாளரின் ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரிப் பட்டியலிலும் இரண்டாகத் தெரியும்.

கிரெடிட் நோட் போட்டுப் பழையதைக் கழித்துவிடலாம் என்ற யோசனையும் எழும். ஆனால் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவு கிரெடிட் நோட்டுக்குக் கூறும் காரணங்கள், மதிப்போ வரியோ கூடுதலாகப் போடப்பட்டது, சரக்கு திரும்பி வந்தது, சரக்கில் குறை இருந்தது என்பவை. பி.ஓ. எண் தவறு அவற்றில் சேராது. இந்த இன்வாய்ஸ்களில் மதிப்பும் வரியும் சரியாகவே இருக்கின்றன.

எஞ்சியிருப்பவை இரண்டு வழிகள். ஒன்று, இன்வாய்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, சரியான பி.ஓ. எண்ணைக் குறிப்பிடும் கையொப்பமிட்ட ஓர் உறுதிக் கடிதத்தை விற்பனையாளர் கொடுப்பது. அதைக் கொண்டு கணக்குப் பிரிவு இன்வாய்ஸைச் சரியான பி.ஓ.வில் பதிவு செய்வது. மற்றொன்று, தவறான பி.ஓ.வில் வைத்த வரவை ஸ்டோர்ஸ் ரத்து செய்து சரியான பி.ஓ.வில் மறுபடி வைப்பது. 418, 431 ஆகிய இரண்டுக்கும் முதல் வழி போதும். 423க்கு இரண்டாம் வழி தேவை.

423இல் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வரவு புதிய பி.ஓ.வில் இருப்பதால், அதிலேயே இன்வாய்ஸையும் சேர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் அங்கே விலை 412 ரூபாய், இன்வாய்ஸில் 400. அப்படிச் சேர்த்தால் 200 உருப்படிக்கு வரி நீங்கலாக 2,400 ரூபாய் வேறுபாடு வரும். பில் வேறொரு காரணத்துக்காக மறுபடியும் நிற்கும். அதோடு புதிய பி.ஓ.வின் அளவில் 200 உருப்படி குறைந்துவிடும். பின்னால் வரும் சரக்குக்கு இடம் போதாது. சரக்கு புதிய பி.ஓ.வுக்கு முன்பே போய்ச் சேர்ந்ததால் பழைய பி.ஓ.வும் பழைய விலையும்தான் முறை. 2,400 ரூபாய் கூடுதலாகக் கேட்க வாய்ப்பு இருப்பது போலத் தோன்றினாலும் விற்பனையாளர் அதைக் கேட்கக் கூடாது.

திருத்திய மின்னஞ்சல்

> பெறுநர்: கணக்குப் பிரிவு
> நகல்: கொள்முதல் பிரிவு, ஸ்டோர்ஸ்
> பொருள்: இன்வாய்ஸ் 418, 423, 431 – பி.ஓ. எண் திருத்தம் – செப்டம்பர் 10க்குள் வேண்டுகிறோம்
>
> மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,
>
> வணக்கம். ஆகஸ்ட் மாதத்தின் மூன்று இன்வாய்ஸ்களில் உள்ள பி.ஓ. எண்ணும் உங்கள் பதிவில் உள்ள எண்ணும் வேறுபடுகின்றன. மூன்றிலும் சரக்கின் அளவு, விலை, வரி ஆகியவற்றில் மாற்றம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தேவையான திருத்தம் கீழே உள்ளது.
>
> 1. இன்வாய்ஸ் 418, தேதி 4-8-2025, ரூ. 1,18,000. அச்சான எண் 4500017342; சரியான எண் 4500017432. இது எங்கள் தட்டச்சுப் பிழை, வருந்துகிறோம். உறுதிக் கடிதம் இணைப்பு 1இல் உள்ளது. வேண்டுவது: கணக்குப் பிரிவு இதை 4500017432இல் பதிவு செய்ய வேண்டுகிறோம்.
>
> 2. இன்வாய்ஸ் 423, தேதி 8-8-2025, ரூ. 94,400. இன்வாய்ஸில் உள்ள எண் 4500017432. வரவு வைக்கப்பட்ட எண் 4500018105. சரக்கு 9-8-2025 அன்று வந்து சேர்ந்தது, புதிய பி.ஓ.வின் தேதி 11-8-2025. முத்திரையிட்ட டெலிவரி சலான் இணைப்பு 2இல் உள்ளது. வேண்டுவது: ஸ்டோர்ஸ் 12-8-2025 தேதியிட்ட வரவை ரத்து செய்து 4500017432இல் வைக்க வேண்டுகிறோம். விலை ரூ. 400 என்பதே பொருந்தும்.
>
> 3. இன்வாய்ஸ் 431, தேதி 20-8-2025, ரூ. 90,624. வரி 1 (ஹவுசிங், 150) 4500018105ஐச் சேர்ந்தது. வரி 2 (மூடி, 50) 4500018220ஐச் சேர்ந்தது. இன்வாய்ஸில் முதல் எண் மட்டும் அச்சாகியுள்ளது. உறுதிக் கடிதம் இணைப்பு 3இல் உள்ளது. வேண்டுவது: கணக்குப் பிரிவு இரண்டு வரிகளையும் அந்தந்த பி.ஓ.வில் பதிவு செய்ய வேண்டுகிறோம்.
>
> மேலே சொன்னவற்றில் உங்கள் பதிவோடு ஒவ்வாதது ஏதேனும் இருந்தால், அந்த இன்வாய்ஸின் எண்ணைக் குறிப்பிட்டுத் தெரிவியுங்கள். திருத்தம் முடிந்ததும், புதிய ஜி.ஆர்.என். எண்ணையும் இன்வாய்ஸ் பதிவு எண்களையும் அனுப்பி உதவ வேண்டுகிறோம்.
>
> நன்றி.

ஒவ்வொரு வரியும் செய்யும் வேலை

பொருள் வரியில் இன்வாய்ஸ் எண்கள் இருப்பதால் பின்னாளில் யார் தேடினாலும் இந்தக் கடிதம் கிடைக்கும். "அவசரம்" என்ற சொல்லின் இடத்தில் ஒரு தேதி இருக்கிறது. அந்தத் தேதியும் காரணத்தோடு வந்தது. ஒப்பந்தப்படி 45 நாளில் பணம் தர வேண்டும் என்றால், 418இன் சரக்கு ஆகஸ்ட் 5 அன்று சேர்ந்ததாகக் கொண்டால் செப்டம்பர் 19இல் கெடு முடிகிறது. செப்டம்பர் 10க்குள் பதிவு சரியானால் அடுத்த பணப் பட்டுவாடாவில் இடம் பெற நேரம் இருக்கும்.

அளவும் விலையும் வரியும் மாறவில்லை என்ற வாக்கியம் கடிதத்தின் தொடக்கத்திலேயே வருகிறது. எண் மாற்றம் என்ற பெயரில் தொகையும் மாறுகிறதோ என்பதுதான் கணக்குப் பிரிவின் முதல் ஐயம். அது தீர்ந்துவிட்டால் மற்றவற்றை அவர் நிதானமாகப் படிப்பார். இதே காரணத்தால் வங்கிக் கணக்கு விவரங்களை இந்தக் கடிதத்தில் சேர்க்காமல் இருப்பது நல்லது. வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி வரும் போலிக் கடிதங்களால் ஏமாந்த நிறுவனங்கள் பல. எண் திருத்தமும் வங்கி விவரமும் ஒன்றாக வந்தால் கடிதம் விசாரணைக்குப் போய்விடும்.

விற்பனையாளரின் பிழை முதல் இடத்தில், ஒளிவுமறைவின்றி இருக்கிறது. அதற்கு ஒரு வரி வருத்தம் போதும். அதன் பிறகு வரும் 423இல் ஸ்டோர்ஸ் தவறு செய்தது என்ற சொல்லே இல்லை. வந்த தேதியும் புதிய பி.ஓ.வின் தேதியும் அருகருகே இருக்கின்றன. பார்ப்பவர் தானே முடிவுக்கு வருவார். ஸ்டோர்ஸ் அலுவலரும் தன் மேலாளருக்கு முன் குற்றவாளியாக நிற்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு இன்வாய்ஸின் முடிவிலும் "வேண்டுவது" என்ற ஒரு வாக்கியம், எந்தப் பிரிவு எந்தத் தாளை எந்த எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்று சொல்கிறது. மூன்று பிரிவுகளுக்கும் ஒரே கடிதம் போவதால், மற்றவர் செய்வார் என்று யாரும் விட்டுவிட முடியாது.

பணம் என்ற சொல் கடிதத்தில் எங்கும் இல்லை. பதிவு சரியான பிறகு பணம் வரத் தாமதமானால் அதற்குத் தனிக் கடிதம் எழுதலாம். குறு, சிறு நிறுவனமாகப் பதிவு பெற்ற விற்பனையாளருக்கு 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவன வளர்ச்சிச் சட்டம், ஒப்பந்தம் எதுவாயினும் 45 நாளுக்கு மேல் போகாத கெடுவையும், தாமதத்துக்கு வங்கி வீதத்தின் மூன்று மடங்கு வட்டியையும் வழங்குகிறது. அந்த உரிமையைத் திருத்தக் கடிதத்திலேயே எடுத்து வீசினால் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போகும். பதிவு அப்படியே கிடக்கும்.

அனுப்பிய பிறகு

"பார்த்துக்கொள்கிறோம்" என்ற பதில் வந்தால் வேலை முடிந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. 423க்குப் புதிய ஜி.ஆர்.என். எண்ணும், மூன்றுக்கும் இன்வாய்ஸ் பதிவு எண்ணும் கையில் வந்தால்தான் முடிந்தது. ஒன்று மட்டும் முடிந்திருந்தால், அதே மின்னஞ்சலுக்குப் பதிலாக, முடிந்ததை நீக்கி மீதி உள்ளவற்றை மட்டும் மறுபடி அனுப்ப வேண்டும். பட்டியல் குறைந்துகொண்டே வருவது இரு தரப்புக்கும் தெரியும்.

வரவை மாற்றும் கோரிக்கையை மாதக் கடைசிக்கு முன்பே அனுப்புவது நல்லது. மாதக் கணக்கு மூடிய பிறகு ரத்தும் மறுவரவும் அடுத்த மாதத் தேதியில்தான் ஏறும். இருப்புக் கணக்கிலும் விளக்கம் எழுத நேரும். தவறான வரவின் மேல் ஏற்கெனவே வேறொரு இன்வாய்ஸ் பதிவாகியிருந்தால், முதலில் அந்தப் பதிவை நீக்க வேண்டும். அதற்குக் கூடுதல் நாள் தேவைப்படும்.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. சரக்கின் அளவோ விலையோ உண்மையிலேயே வேறுபட்டால் அது எண் திருத்தத்தால் தீராது. அங்கே பி.ஓ. திருத்தமோ, கிரெடிட் நோட்டோ, டெபிட் நோட்டோ தேவை. அத்தகைய இன்வாய்ஸை இந்தப் பட்டியலில் சேர்த்தால் மற்ற மூன்றும் அதோடு சேர்ந்து நிற்கும். அதற்குத் தனி மின்னஞ்சல் எழுத வேண்டும்.

மின்னஞ்சலில் பாதி வேலை எழுதுவதற்கு முன்பே முடிகிறது. எந்த இன்வாய்ஸில் எந்தத் தாள் பிசகியது, அதை மாற்றக்கூடியவர் யார் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்தவர் எழுதும் கடிதம் தானாகவே சுருக்கமாகவும் மரியாதையாகவும் அமைந்துவிடும். விடை தெரியாதவர் முதலில் பி.ஓ.வையும் சலானையும் இன்வாய்ஸையும் மேசையில் பரப்பி வைத்துப் பார்க்கட்டும், பிறகு எழுதட்டும்.